தொடையில் அரை மில்லி

தென்னந்தோப்பில் காய் வெட்டிக்கொண்டிருந்தவரின் அரிவாள், மட்டைக்கு அடியில் இருந்த கதண்டுக் கூட்டில் பட்டுவிட்டது. இறங்குவதற்குள் கழுத்தில் இரண்டு, காதோரம் ஒன்று என மூன்று கொட்டு. தஞ்சை, திருவாரூர் பக்கம் கதண்டு என்றும் வேறு ஊர்களில் கடந்தை என்றும் சொல்கிறார்களே, அந்தப் பெரிய குளவி. அவருக்கு வயது 45, எடை 60 கிலோ. வேறு நோய் எதுவும் கிடையாது. போன வருஷமும் ஒருமுறை கொட்டியிருக்கிறது. சுண்ணாம்பு தடவியதோடு சரி, இரண்டு நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் இந்த முறையும் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்.

மூன்றாவது நிமிடம் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. மார்பிலும் வயிற்றிலும் சிவந்த தடிப்புகள் கிளம்பின. ஆறாவது நிமிடம் தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல இருந்தது, குரல் கம்மியது, மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டது. பத்தாவது நிமிடம் வாந்தி எடுத்தார், கண் இருட்டிக்கொண்டு வந்தது. "என்னமோ ஆகப்போவுது" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். இப்படி ஒரு மரண பயம் வருவதையே அடையாளங்களில் ஒன்றாக மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன.

ஆட்டோவின் பின் இருக்கையில் படுக்கவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ரத்த அழுத்தம் 70-க்கு 40. மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "சிஸ்டர், அட்ரீனலின். அரை ஆம்பூல். தொடையில."

"அவில் எடுத்து வெச்சிருக்கேன் டாக்டர்."

"அது அப்புறம்."

வேட்டிக்கு மேலே, தொடையின் வெளிப்பக்கம், நட்டநடுவில் ஊசி இறங்கியது. மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "நரம்புல போட்டா சீக்கிரம் ஏறுமே டாக்டர்?"

"இந்த மருந்தை நரம்புல அப்படியே போட்டா இதயம் தாங்காதும்மா. தொடையில போட்டாத்தான் சரி."

இவர் குறிப்பிட்ட ஒரு மனிதர் அல்ல. கதண்டு கடித்து வருகிற பலரை ஒருவராக்கிச் சொல்கிறேன். ஆனால் அந்த மருத்துவர் சொன்ன மூன்று சொற்களும், அதாவது மருந்தின் பெயரும் அளவும் இடமும், உலகம் முழுக்க ஒன்றுதான். ஏன் அந்த மருந்து, ஏன் அரை மில்லி, ஏன் தொடை என்று கேட்டுக்கொண்டே போனால், உடம்புக்குள் நடந்த சண்டை முழுவதும் புரிந்துவிடும்.

அகலக் கூடாதது அகன்றது, சுருங்கக் கூடாதது சுருங்கியது

போன வருஷத்துக் கொட்டு சும்மா போகவில்லை. கதண்டு விஷத்தில் உள்ள புரதங்களை அவருடைய உடம்பு பகையாகக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கென்று ஒரு வகை எதிர்ப்பொருளைத் தயாரித்தது. ஐ.ஜி.இ. என்பது அதன் பெயர். அது மாஸ்ட் செல் என்ற ஒரு வகை செல்லின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. தோலுக்கு அடியிலும், மூச்சுக்குழாயிலும், குடலிலும், ரத்தக்குழாய்களை ஒட்டியும் மாஸ்ட் செல்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் வேதிப்பொருள் அடைத்த நூற்றுக்கணக்கான சிறு பொட்டலங்கள். எதிர்ப்பொருள் பதிந்த மாஸ்ட் செல், திரி வைத்த வெடி மாதிரி காத்திருக்கும்.

இந்த வருஷம் அதே புரதம் மறுபடியும் உள்ளே வந்தது. திரி பற்றிக்கொண்டது. உடம்பெங்கும் உள்ள மாஸ்ட் செல்கள் ஒரே நேரத்தில் பொட்டலங்களை அவிழ்த்துக் கொட்டின. அதில் முதன்மையானது ஹிஸ்டமின். அதோடு லூக்கோட்ரையீன் போன்ற வேறு சில பொருள்களும் அடுத்தடுத்து உருவாகி வந்து சேர்ந்துகொள்கின்றன.

இவை செய்யும் கேடு இரண்டு வகை. முதலாவது ரத்தக்குழாய்களில். சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து குழாய் அகன்றுவிடுகிறது. அதே நேரம் குழாயின் உட்சுவரில் நெருக்கமாக அடுக்கியிருக்கும் செல்கள் சுருங்க, நடுவே இடுக்கு விழுகிறது. அந்த இடுக்கு வழியாக ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. கசிவு தோலில் நடந்தால் தடிப்பு. உதட்டிலும் தொண்டையிலும் நடந்தால் வீக்கம். கடுமையான ஒவ்வாமையில், ரத்தக்குழாய்க்குள் ஓட வேண்டிய அளவில் 35 சதவீதம் வரைகூடப் பத்தே நிமிடத்தில் வெளியேறிவிட முடியும். 60 கிலோ ஆளுக்கு இது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். ஒரு சொட்டு ரத்தம் தரையில் சிந்தவில்லை. ஆனால் பெரிய விபத்தில் ரத்தம் இழந்தவருடைய நிலைமைதான் இவருக்கும். வாய்க்கால் அகலமாகிவிட்டது, தண்ணீரோ குறைந்துவிட்டது. இதயத்துக்குத் திரும்பி வர ரத்தம் இல்லை. அழுத்தம் 70-க்கு இறங்கியதும் கண் இருட்டியதும் இதனால்தான்.

இரண்டாவது கேடு மூச்சுக்குழாயில். அங்கே நேர் எதிராக, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உள்தோல் வீங்குகிறது, சளி சேர்கிறது. குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், அதன் வழியே காற்று சீராகப் போவதற்கான தடை இரு மடங்கு அல்ல, 16 மடங்கு கூடும் என்பது இயற்பியல் கணக்கு. விசில் சத்தம் அந்த ஒடுங்கிய வழியில் காற்று போராடும் சத்தம்.

ஒரே மருந்து எப்படி இரண்டையும் செய்கிறது?

ஆக இவருக்குத் தேவை, அகன்ற ரத்தக்குழாயை இறுக்கி, இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்கும் ஒரு பொருள். இரண்டு குழாயைச் சுற்றி இருப்பதும் ஒரே வகைத் தசைதான். நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானாக இயங்கும் மென்தசை. ஒன்றுபோல இருக்கும் இரண்டு தசைகளில் ஒன்றுக்கு 'இறுகு' என்றும், மற்றதற்கு 'தளரு' என்றும் ஒரே பொருள் எப்படிக் கட்டளையிடும்?

அட்ரீனலின் அதைத்தான் செய்கிறது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஊறும் பொருள் இது. நாய் துரத்தும்போது நெஞ்சு படபடப்பதும் முகம் வெளுப்பதும் இதன் வேலை. 1901-ல் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தாகாமினே அமெரிக்காவில் வைத்து இதைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்து வெளியிட்டார். இது ரத்த அழுத்தத்தை ஏற்றுவதும், ஆஸ்துமாவைத் தணிப்பதும் சில ஆண்டுகளிலேயே மருத்துவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் அரை நூற்றாண்டு ஆகியும் விளங்கவில்லை.

1948-ல் ரேமண்ட் அல்குவிஸ்ட் என்ற அமெரிக்க மருந்தியலாளர் ஒரு விடை சொன்னார். அட்ரீனலினும் அதை ஒத்தவையுமாக ஆறு பொருள்களை எடுத்துக்கொண்டு, உடம்பின் பல உறுப்புகளில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வீரியம் என்று வரிசைப்படுத்திப் பார்த்தார். உறுப்புக்கு ஒரு வரிசை வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வந்தவை இரண்டே வரிசைகள். ரத்தக்குழாயை இறுக்கும் வேலையில் ஒரு வரிசை. தளர்த்தும் வேலையிலும் இதயத்தைத் துரிதப்படுத்தும் வேலையிலும் இன்னொரு வரிசை. அப்படியானால் வித்தியாசம் மருந்தில் இல்லை, அதை வாங்கிக்கொள்ளும் செல்லில் இருக்கிறது என்று முடிவு கட்டினார். செல்லின் மேல் இருக்கும் அந்த வாங்கிகளுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார். தமிழில் ஏற்பி என்கிறோம். ஒரு மருந்தியல் இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. வேறோர் இதழில்தான் அது அச்சேறியது. பிற்பாடு பீட்டாவிலும் ஒன்று, இரண்டு என உட்பிரிவுகள் தெரியவந்தன.

ஒரே சாவி, இரண்டு பூட்டு. தோல், குடல், தொண்டை ஆகியவற்றின் ரத்தக்குழாய்களில் ஆல்ஃபா ஏற்பி நிறைய. அட்ரீனலின் அதில் பொருந்தியதும் தசைச் செல்லுக்குள் கால்சியம் பெருகுகிறது, தசை இறுகுகிறது. மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா-2 ஏற்பி. அதில் பொருந்தியதும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருள் பெருகி, தசை தளர்கிறது. சாவி ஒன்றுதான், திறக்கும் அறையைப் பொறுத்து உள்ளே நடப்பது மாறுகிறது.

இப்போது நம் தோட்டக்காரரிடம் திரும்புவோம். ஆல்ஃபா வழியாக அகன்ற குழாய்கள் இறுகுகின்றன. இருக்கிற குறைந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது. தொண்டைக்குள் ரத்தம் பாய்வது குறைவதால் அங்கே கசிவும் வீக்கமும் அடங்குகின்றன. பீட்டா-2 வழியாக மூச்சுக்குழாய் திறக்கிறது. பீட்டா-1 வழியாக இதயம் வேகமாகவும் வலுவாகவும் அடிக்கிறது. நான்காவதாக ஒன்று உண்டு. மாஸ்ட் செல்லின் மேலேயும் பீட்டா-2 ஏற்பி இருக்கிறது. அட்ரீனலின் அதில் பொருந்தினால், இன்னும் அவிழாத பொட்டலங்கள் அவிழ்வது குறைகிறது. விளைவைச் சரிசெய்வதோடு மூலத்தையும் அணைக்கிறது. சீக்கிரம் போட்டால் பலன் அதிகம் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஏன் தொடை?

ரத்தக்குழாயை இறுக்கும் இந்தக் குணம் மருந்துக்கே வினையாகிற இடம் ஒன்று இருக்கிறது. தோலுக்கு அடியில் போட்டால், சுற்றியிருக்கும் சின்ன ரத்தக்குழாய்களை அது முதலில் இறுக்கிவிடும். தான் ஏறிப் போக வேண்டிய வண்டியைத் தானே நிறுத்திவிட்டு அங்கேயே நிற்கும். தசையில் அப்படி இல்லை. தசையின் ரத்தக்குழாய்களில் பீட்டா-2 தாராளமாக இருப்பதால் ஓட்டம் தடைபடுவதில்லை. உடம்பிலேயே பெரிய தசைகளில் ஒன்று தொடையின் முன், வெளிப்பக்கத் தசை. ரத்த ஓட்டமும் அங்கே அதிகம்.

கனடாவின் எஸ்டெல் சைமன்ஸ் குழுவினர் 1998-ல் இதைக் குழந்தைகளிடம் அளந்து காட்டினார்கள். தொடைத் தசையில் போட்டபோது ரத்தத்தில் அட்ரீனலின் உச்சத்தைத் தொட ஆன நேரம் சராசரி 8 நிமிடம். தோலுக்கு அடியில் போட்டபோது 34 நிமிடம். பிரிட்டனில் ஒவ்வாமையால் இறந்தவர்களை ஆராய்ந்த ரிச்சர்ட் பம்ஃப்ரி, 2000-ல் எழுதிய கட்டுரையில் வேறொரு கணக்கைத் தந்தார். பூச்சிக்கொட்டில் இதயமோ மூச்சோ நின்றுபோக ஆன நேரம், நடுமதிப்பாக 15 நிமிடம். ஊசி மருந்து போன்றவற்றால் வந்த ஒவ்வாமையில் 5 நிமிடம், உணவில் 30 நிமிடம். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தோலுக்கு அடியில் போடும் ஊசி வேலை செய்வதற்குள் என்ன நடந்துவிடும் என்பது தெரியும்.

'நரம்பு ஊசி' பற்றி அந்த அம்மா கேட்டதும் நியாயமான கேள்விதான். சிரையில் நேரடியாகப் போட்டால் மருந்து முழுவதும் சில நொடிகளில் இதயத்தை அடையும். துடிப்பு தாறுமாறாகலாம், அழுத்தம் எகிறலாம், மாரடைப்பும் வரலாம். மிகவும் நீர்க்கச் செய்து, மானிட்டர் வைத்துக்கொண்டு, பழகியவர்கள் சிரை வழியாக மெல்லச் செலுத்துவதுண்டு. அது தீவிர சிகிச்சைப் பிரிவின் வேலை. தொடைத் தசையில் சரியான அளவைப் போடுவதால் பெரும்பாலும் வருவதெல்லாம் படபடப்பு, கை நடுக்கம், தலைவலி, முகம் வெளுத்தல் மட்டுமே. மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அறிகுறிகள்தான் அவை.

அளவும் கடினமான கணக்கு இல்லை. ஒரு மில்லி ஆம்பூலில் 1 மில்லிகிராம் அட்ரீனலின் இருக்கும். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், எவ்வளவு எடை இருந்தாலும் ஒரு வேளைக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இல்லை. 60 கிலோவுக்குக் கணக்குப்படி 0.6 வந்தாலும் 0.5-ல் நிறுத்துவார்கள். அதுதான் அந்த 'அரை ஆம்பூல்'. 20 கிலோ குழந்தைக்கு 0.2 மில்லி. ஆம்பூல் பழுப்புக் கண்ணாடியில் வருவதற்கும் காரணம் உண்டு. வெளிச்சமும் காற்றும் பட்டால் மருந்து கெட்டு, இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறும். நிறம் மாறியிருந்தால் வீணாக்க வேண்டியதுதான்.

அவில் ஏன் போதாது?

நம் ஊரில் தடிப்பு என்றாலே அவில் ஊசியும் ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போடுகிற பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. தோலோடு நிற்கும் சாதாரண ஒவ்வாமைக்கு அவில் நல்ல மருந்துதான். ஆனால் அது செய்வதெல்லாம், ஹிஸ்டமின் உட்காரும் நாற்காலியில் தான் போய் உட்காருவது. ஏற்கனவே அகன்ற ரத்தக்குழாயை அது இறுக்காது. லூக்கோட்ரையீன் இறுக்கிய மூச்சுக்குழாயை அது திறக்காது. ஸ்டீராய்டு வேலையைத் தொடங்கவே மணிக்கணக்கில் ஆகும். அட்ரீனலின் ஹிஸ்டமினோடு நாற்காலிச் சண்டை போடுவதில்லை. அது செய்ததற்கு நேர் எதிரானதைச் செய்து முடிக்கிறது.

இந்த வித்தியாசத்தை இலங்கையில் ஒரு பெரிய ஆய்வு வெளிப்படையாகக் காட்டியது. பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவதால், அதுவே பலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். அசித டி சில்வா தலைமையிலான குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாம்புக்கடி நோயாளிகளிடம் மூன்று தடுப்பு மருந்துகளைச் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டது. விஷமுறிவு மருந்துக்கு முன்பே 0.25 மில்லிகிராம் அட்ரீனலின் போட்டதில், முதல் ஒரு மணி நேரத்தில் வரும் கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. அவில் வகையைச் சேர்ந்த புரோமெதசினும், ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் அப்படிக் குறைக்கவில்லை. அங்கே ஊசி தோலுக்கு அடியில்தான் போடப்பட்டது. வரப்போவதைத் தடுப்பதற்கு மெல்ல ஏறினால் போதும். வந்துவிட்டதை மீட்பதற்கு மெல்ல ஏறுவது உதவாது.

ஊசிக்குப் பிறகும் தவறலாம்

ஐந்தாவது நிமிடம் தோட்டக்காரரின் விசில் சத்தம் தணிந்தது. ஆனால் அழுத்தம் 80-ல் நின்றது. மருத்துவர் மறு தொடையில் இன்னோர் அரை மில்லி போட்டார். அட்ரீனலினின் ஆயுள் குறைவு. ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். எனவே தேவைப்பட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் போடலாம் என்பது விதி. கூடவே இரண்டு லிட்டர் சலைன் வேகமாக ஏறியது. கசிந்துபோன ஒன்றரை லிட்டரை அட்ரீனலின் உருவாக்கித் தராது. குழாயை இறுக்கலாம், குழாய்க்குள் நிரப்பத் தண்ணீர் வேண்டும். இருபது நிமிடத்தில் அழுத்தம் 110. "எழுந்து உக்காரட்டுமா டாக்டர்?" என்று கேட்டார். "அசையாதீங்க" என்றார் மருத்துவர்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் பம்ஃப்ரியின் இன்னோர் அவதானிப்பு. அதிர்ச்சி நிலையில் இருந்த சிலர், படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்த அல்லது நின்ற சில நொடிகளில் இறந்திருக்கிறார்கள். இருக்கும் கொஞ்ச ரத்தமும் காலுக்கு இறங்கி இதயம் காலியாகிவிடுவதால் அப்படி ஆகிறது. இதயம் காலியாக இருந்தால், எவ்வளவு வேகமாக அடித்தாலும் வெளியே அனுப்ப ஒன்றும் இல்லை. மயங்கியவரை பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டுபோகும் நம் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று இதிலிருந்து புரியும். மூச்சுத்திணறல் மட்டும் இருந்தால் சாய்ந்து உட்காரலாம். தலை சுற்றினால் படுக்கவைத்து, காலை உயர்த்தி, அப்படியே கொண்டுபோக வேண்டும்.

தேறியவரை அன்றிரவு வீட்டுக்கு அனுப்பவில்லை. சிலருக்குச் சில மணி நேரம் கழித்து, கதண்டு மறுபடி கொட்டாமலேயே, இரண்டாவது அலை வரும். பீட்டா பிளாக்கர் என்ற ரத்த அழுத்த, இதய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். அந்த மாத்திரை பீட்டா ஏற்பிகளை முன்னமே அடைத்து வைத்திருப்பதால் அட்ரீனலின் முழுதாக வேலை செய்யாமல் போகலாம். அப்போது குளுக்ககான் என்ற வேறு மருந்து வேறு வாசல் வழியாக அதே வேலையைச் செய்யும். அதனால் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோவது முக்கியம். நூற்றுக்கணக்கில் கொட்டு வாங்கியவரின் கதை வேறு. அங்கே விஷமே தசையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். அந்தச் சேதத்தை அட்ரீனலின் சரிசெய்யாது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதண்டு கொட்டியோ, ஊசி போட்டோ, இறால் சாப்பிட்டோ தடிப்போடு மூச்சுத்திணறலும் தலைச்சுற்றலும் சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள். சிலருக்குத் தடிப்பே இல்லாமலும் வரும். 108-ஐ அழையுங்கள், ஆளைப் படுக்கவையுங்கள். மருத்துவமனை வாசலில், என்ன கொட்டியது, எத்தனை நிமிடம் ஆயிற்று, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற மூன்றை முதலில் சொல்லுங்கள். பிறகு தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், அட்ரீனலின் போட்டாச்சா?"